குறுக்குக் கோடு

போன தைப் பொங்கல் கழிந்து நான்கைந்து நாள் இருக்கும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் கண் அசந்த நேரத்தில் கைப்பேசி கிணுங்கியது. தங்கை மகன் அனுப்பிய ஒரு படம். அதன் கீழே, "மாமா, அம்மாவுக்குப் பாகூர் பக்கம் ஒரு மனை பார்த்திருக்கோம். தரகர் சர்வே வரைபடம் அனுப்பியிருக்கார். 522 சதுர மீட்டர், ஒன்பதே முக்கால் குழி. நாளைக்கு அட்வான்ஸ் கேட்கிறார். ஒரு தடவை பாருங்க" என்று எழுதியிருந்தான்.

என் தங்கைக்கு அவள் கணவர் இறந்த பிறகு வந்த பணம் அது. வேறு வரும்படி கிடையாது. அதில் ஒரு மனை வாங்கி இரண்டு அறை கட்டிக்கொண்டு, மீதியை வங்கியில் போட்டு வட்டியில் காலம் தள்ள வேண்டும் என்பது அவள் கணக்கு. அதனால் தூக்கம் போய்விட்டது. கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நான் சர்வே இலாகாவில் வேலை பார்த்தவன் அல்ல. எழுத்தர்தான். ஆனால் நான் இருந்த பிரிவுக்கு நிலம் சம்பந்தமான கோப்புகள் நிறைய வரும். ஒவ்வொன்றிலும் ஒரு வரைபடம் தைத்திருக்கும். பக்கத்து மேசைக்கு அடிக்கடி வரும் வயதான சர்வேயர் ஒருவர், தேநீர் வேளையில் அதைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். அவர் சொல்லிக் கொடுத்த பாடத்தின் அருமை எனக்கே ஒரு அடி விழுந்த பிறகுதான் புரிந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1986இல் நான் ஒரு மனை வாங்கினேன். நாற்பது அடிக்கு முப்பது அடி. பத்திரத்தை எழுத்து எழுத்தாகப் படித்தேன். மூலப் பத்திரம் பிரெஞ்சுக்காரர் காலத்தில் நொத்தேர் முன்பு எழுதியது. பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அதையும் யார் உதவியும் இல்லாமல் படித்து முடித்தேன். பெருமை தாங்கவில்லை. பிறகு நாடாவை எடுத்துப்போய் நான்கு பக்கமும் அளந்தேன். 40, 30, 40, 30. அடி பிசகவில்லை. வாங்கிவிட்டேன்.

வீடு கட்ட நூல் போட்ட அன்று கொத்தனார் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நாடாவைப் பிடித்தார். "சார், அம்பது வரணும். நாப்பத்தாறுதான் வருது. மனை சாஞ்சிருக்கு. நேராக் கட்டினா நாப்பது அடி வராது, முப்பத்தஞ்சுதான்" என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். குச்சி இருக்கும் உள்பெட்டியை உருவிவிட்டு, வெளிக்கூட்டை மட்டும் இரண்டு விரலால் லேசாக அழுத்தினார். சதுரமாக நின்ற கூடு சாய்ந்து படுத்தது. "நாலு பக்கமும் அதே நீளம்தான் சார். உள்ள இருந்த இடம் எங்க போச்சு?" என்றார்.

நான்கு பக்க அளவை வைத்துக்கொண்டு ஒரு நிலத்தின் பரப்பைச் சொல்ல முடியாது. சாய்வு எவ்வளவு என்று தெரிய வேண்டும். அதைச் சொல்வது ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் போகும் குறுக்கு அளவு. பத்திரத்தில் பெரும்பாலும் அது இருக்காது. சர்வே வரைபடத்தில் இருக்கும். பிரெஞ்சு தெரிந்த நான் அன்று அந்த வரைபடத்தைப் பார்க்கவே இல்லை.

சரி, படத்துக்கு வருகிறேன்.

தரகர் அலுவலகத்திலோ வேறெங்கோ மேசையில் கிடந்த தாளை நின்ற வாக்கில் படம் பிடித்திருக்கிறார்கள். நடுவில் ஒரு மனை. அதற்குள் 84/3 என்று எழுதியிருந்தது. 84 என்பது ரீசர்வே எண். நம் புதுச்சேரிப் பத்திரங்களில் இரண்டு எண் வருவது உங்களுக்குத் தெரியும். கதாஸ்தர் எண் பிரெஞ்சுக்காரர் காலத்து அளவையின் எண். ரீசர்வே எண் அதற்குப் பின்னால் நம் அரசு மறுபடி அளந்தபோது கொடுத்தது. வரைபடம் ரீசர்வே எண்ணுக்குத்தான் கிடைக்கும். சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள 3 உட்பிரிவு. அதாவது 84 என்ற வயலைப் பங்கு பிரித்ததில் மூன்றாவது துண்டு. பத்திரத்திலும் 84/3 என்றே இருக்கிறதா என்று தங்கை மகனிடம் கேட்டேன். இருக்கிறது என்றான். அது சரியில்லை என்றால் மேற்கொண்டு படிப்பதில் பயனே இல்லை.

மனையின் நான்கு மூலையிலும் கல் இருப்பதைக் காட்டும் சிறு குறிகள், அருகே எழுத்துகள். வடமேற்கு மூலை ஏ, வடகிழக்கு பி, தென்கிழக்கு சி, தென்மேற்கு டி. பக்கங்களின் மேல் மீட்டரில் அளவு எழுதியிருந்தது. வடக்கு 26.8. கிழக்கு 20.0. தெற்கு 27.3. மேற்கு 18.6. படத்தில் பார்த்தால் ஏறக்குறைய நல்ல நீள்சதுரமாகத் தெரிந்தது.

522 எப்படி வந்தது என்று உடனே புரிந்துவிட்டது. வடக்கையும் தெற்கையும் கூட்டிப் பாதி எடுத்தால் 27.05. கிழக்கையும் மேற்கையும் கூட்டிப் பாதி எடுத்தால் 19.3. இரண்டையும் பெருக்கினால் 522. ஊரில் எல்லோரும் போடும் கணக்கு இது. மூலைகள் நேராக இருக்கும் மனைக்கு இது சரியாக வரும். சாய்ந்த மனைக்கு எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. அதனால் விற்பவருக்கு இந்தக் கணக்குப் பிடிக்கும்.

ஏயிலிருந்து சிக்கு மனையின் குறுக்கே ஒரு மெல்லிய கோடு போட்டிருந்தது. அந்தக் கோட்டின் மேல் மூன்று எண்கள்: 15.0, 24.0, 40.0. தங்கை மகனைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "இந்தக் கோட்டைப் பார்த்தாயா?" என்றேன். "பார்த்தேன் மாமா. பதினஞ்சு, இருபத்திநாலு, நாற்பது. மொத்தம் எழுபத்தொம்பது வருது. இவ்வளவு சின்ன மனையில எப்படின்னு புரியல. அதனால விட்டுட்டேன்" என்றான்.

படித்த பிள்ளைகளும் தடுமாறும் இடம் அது. அந்த எண்களைக் கூட்டக் கூடாது. பேருந்துச் சாலையில் மைல் கல் பார்ப்பது போலப் பார்க்க வேண்டும். சர்வேயர் ஏ கல்லில் சங்கிலியை வைத்து சி கல்லை நோக்கி நடக்கிறார். புறப்பட்ட இடத்திலிருந்து 15 மீட்டரில் நின்று ஒன்று குறிக்கிறார். 24இல் நின்று இன்னொன்று குறிக்கிறார். 40இல் சி கல் வந்துவிடுகிறது. எல்லாமே புறப்பட்ட இடத்திலிருந்து எண்ணியவை. ஆகவே ஏ முதல் சி வரை குறுக்கு அளவு 40 மீட்டர், அவ்வளவுதான்.

அந்த 40ஐப் பார்த்ததுமே எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. 27க்கு 19 என்ற நேரான நீள்சதுரமாக இருந்தால் குறுக்கு அளவு 33 மீட்டர்தான் வரும். இங்கே 40 இருக்கிறது. ஏழு மீட்டர் வித்தியாசம் என்றால் மனை கொஞ்சமாகச் சாயவில்லை. தீப்பெட்டியை நன்றாகவே அழுத்தியிருக்கிறது.

அப்படியானால் படத்தில் ஏன் நேராகத் தெரிந்தது? தாளை மேலிருந்து நேராக எடுக்காமல், ஒரு பக்கமாக நின்று எடுத்த படம் அது. சாய்ந்த உருவத்தை எதிர்ப்பக்கம் சாய்ந்து நின்று எடுத்தால் நேராகிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. குறுக்குக் கோட்டில் 24 என்ற இடத்திலிருந்து பி மூலைக்கும், 15 என்ற இடத்திலிருந்து டி மூலைக்கும் இரண்டு சின்னக் கோடுகள் போயிருந்தன. இவற்றை சர்வேயர்கள் ஆப்செட் என்பார்கள். நடந்து போகும் கோட்டிலிருந்து பக்கவாட்டில் அந்த மூலை எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்பது அதன் பொருள். கிராஸ் ஸ்டாஃப் என்ற கருவியை வைத்து, நடக்கும் கோட்டுக்குச் சரியான செங்குத்தாகத்தான் அதை அளப்பார்கள். ஆகவே தாளில் அவை செங்குத்தாகத்தான் வரைந்திருக்கும். கைப்பேசிப் படத்தில் அவை சாய்ந்து தெரிந்தால் படம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். என் பேத்தியின் மூலைமட்டப் பலகையைத் திரையில் வைத்துப் பார்த்தேன். இரண்டு கோடுமே நன்றாகச் சாய்ந்திருந்தன. இதனால்தான், படம் பிடித்த வரைபடத்தில் அளவுகோலை வைத்து அளக்கவே கூடாது. உருவத்தை நம்பக் கூடாது. எழுதிய எண்களை மட்டுமே நம்ப வேண்டும்.

எண்களிலும் ஒரு சங்கடம் இருந்தது. டிக்குப் போகும் ஆப்செட் 11.0 என்று தெளிவாக இருந்தது. பிக்குப் போவது மங்கியிருந்தது. 12.0 என்றும் படிக்கலாம், 17.0 என்றும் படிக்கலாம். பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளி புள்ளியாகச் சிதறியது. தரகரிடம் கேட்டால் எது பெரிதோ அதைத்தான் சொல்வார். ஆனால் வரைபடமே அதற்குப் பதில் வைத்திருந்தது.

குறுக்குக் கோட்டில் 24இலிருந்து சி கல் வரை மீதி 16 மீட்டர். அங்கிருந்து பி மூலைக்குச் செங்குத்தாக ஆப்செட். பியிலிருந்து சிக்குக் கிழக்குப் பக்கம், 20.0 மீட்டர். இந்த மூன்றும் சேர்ந்து ஒரு செங்கோண முக்கோணம். கொத்தனார்கள் மூலைமட்டம் பார்க்கும் மூன்று, நான்கு, ஐந்து கணக்குத்தான் இது. நான்கால் பெருக்கினால் பன்னிரண்டு, பதினாறு, இருபது. ஆகவே மங்கிய எண் 12தான். 17 என்றால் கிழக்குப் பக்கம் 23 மீட்டருக்கு மேல் போயிருக்கும், ஆனால் தாளில் 20.0 என்று தெளிவாக இருக்கிறது. நல்ல சர்வே வரைபடத்தில் எந்த எண்ணும் தனியாக நிற்பதில்லை. அக்கம்பக்கத்து எண்கள் அதற்குச் சாட்சி சொல்லும். சாட்சி ஒத்துப்போகாவிட்டால், படித்த நாம் தவறியிருக்கலாம், அல்லது தாளில் யாரோ கை வைத்திருக்கலாம். இரண்டில் எது என்று தெரியாமல் பணம் கொடுக்கக் கூடாது.

இனி பரப்பு. இதற்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குப் போதும். குறுக்குக் கோடு மனையை இரண்டு முக்கோணமாகப் பிரிக்கிறது. எங்கள் பிரெஞ்சு வாத்தியார் "பாஸ், ஒத்தேர், இரண்டால் வகு" என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுத்தது. அடிப்பக்கம், உயரம், அதில் பாதி. அடிப்பக்கம் இரண்டுக்கும் அதே 40. உயரம் ஒன்றுக்கு 12, இன்னொன்றுக்கு 11. முதல் முக்கோணம் 240. இரண்டாவது 220. ஆக 460 சதுர மீட்டர்.

தரகர் சொன்னது 522. கையில் இருப்பது 460. அறுபத்திரண்டு சதுர மீட்டர் காணவில்லை. நம் ஊர்க் குழி இருபத்துநாலுக்கு இருபத்துநாலு அடி, 576 சதுர அடி. அந்தக் கணக்கில் ஒன்பதே முக்கால் குழி இல்லை, எட்டரையும் கொஞ்சமும்தான். ஒரு குழிக்கு மேலாக இல்லாத நிலத்துக்குப் பணம் கேட்கிறார்கள். தங்கை கட்ட நினைத்த இரண்டு அறையும் அந்த ஒரு குழிக்குள் முடிந்துவிடும்.

நான் போட்ட கணக்கு சரிதானா என்று பார்க்க வேறொரு வழியும் இருந்தது. செட்டில்மென்ட் பதிவேட்டின் நகல் எடுத்து அனுப்பச் சொன்னேன். மறுநாள் வந்தது. 84/3க்கு நேராக 0-04-60 என்று இருந்தது. தங்கை மகன் இதை நாலாயிரத்து அறுநூறு என்று நினைத்து, சதுர அடி என்று முடிவு கட்டியிருந்தான்! இது ஹெக்டேர், ஆர், சென்டியார். நான் படித்த பள்ளியில் வாத்தியார் எங்களை முற்றத்துக்கு அழைத்துப்போய், பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சுண்ணாம்பால் கோடு போட்டு, முப்பது பையன்களையும் அதற்குள் நிற்க வைத்து, "இதுதான் ஒரு ஆர்" என்றார். ஒரு ஆர் நூறு சதுர மீட்டர். அதில் நூறில் ஒரு பங்கு சென்டியார், அதாவது ஒரு சதுர மீட்டர். ஆகவே நான்கு ஆர் அறுபது சென்டியார் என்றால் 460 சதுர மீட்டர். வரைபடமும் பதிவேடும் ஒன்றையே சொல்லின. அறுபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய சுண்ணாம்புக் கோடு அன்று உதவியது.

இந்த அளவில் இருந்திருந்தால் விலையைக் குறைத்துப் பேசி வாங்கியிருக்கலாம். சாய்ந்த மனையானாலும் மனைதானே. ஆனால் படத்தில் இன்னொன்று என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. கிழக்கு ஓரம் வெட்டுப்பட்டிருந்தது.

சர்வே வரைபடத்தில் மனைக்குள் இருக்கும் எண்ணைப் போலவே மனைக்கு வெளியே இருக்கும் எண்ணும் முக்கியம். ஒவ்வொரு பக்கத்துக்கும் அப்பால் யார் நிலம் என்பதைப் பெயரால் சொல்லாமல் எண்ணால் சொல்லியிருப்பார்கள். வடக்கே 84/2, தெற்கே 84/4, மேற்கே 83 என்று மூன்று பக்கம் தெரிந்தது. கிழக்கே, பி, சி கல்லுக்குப் பக்கத்தில் படம் முடிந்துவிட்டது. பத்திரத்தில் கிழக்கு எல்லை "பாதை" என்று இருந்தது. தரகர் காட்டிய தார்ச்சாலையும் அந்தப் பக்கம்தான். "முழுத் தாளையும், நான்கு ஓரமும் மேசை தெரியும்படி, மேலே நின்று நேராகப் படம் பிடித்து அனுப்பச் சொல்" என்றேன். தரகர் இரண்டு நாள் இழுத்தார். நான் காத்திருக்கவில்லை. தங்கை மகனை சர்வே அலுவலகத்துக்கு அனுப்பி, மனுக் கொடுத்து, சான்றிட்ட நகலே வாங்கச் செய்தேன்.

அதில் கிழக்கு ஓரத்தை ஒட்டி, வடக்கிலிருந்து தெற்குவரை இரண்டு இணைகோடுகள் ஓடின. நடுவில் ஒரு தனி எண், 91. அகலம் 3.2 என்று ஓரிடத்தில் எழுதியிருந்தது. அதற்கும் அப்பால்தான் சாலை, அதற்கு வேறு எண். 91 என்ன என்பதை வரைபடம் சொல்லாது. பதிவேட்டில் பார்த்தோம். வாய்க்கால், சர்க்கார் புறம்போக்கு.

மனைக்கும் சாலைக்கும் நடுவே முழு நீளத்துக்கும் அரசு வாய்க்கால் ஓடுகிறது. மற்ற மூன்று பக்கமும் பிறர் பட்டா நிலம். அப்படியானால் 84/3க்கு எந்தப் பக்கத்திலும் வழி கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போனோம். முப்பது மீட்டர் நாடாவும் நான்கு குச்சியும் எடுத்துக்கொண்டோம். தங்கையும் வந்தாள். மேற்குப் பக்கம் வேலிக்காத்தான் புதருக்குள் ஏ கல்லைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. சி கல் வரப்போரம் பாதி புதைந்து கிடந்தது. இரண்டுக்கும் நடுவே நாடாவை இரண்டு தவணையாக வைத்துப் பிடித்தோம். நாற்பதுக்குப் பத்து சென்டிமீட்டர் குறைந்தது. டி மூலையில் கல்லே இல்லை. பக்கத்துக்காரர் வேலி அங்கே கொஞ்சம் உள்ளே வந்த மாதிரி இருந்தது. சர்வேயர் வந்து மூலையை நிர்ணயம் செய்யாமல் அதை உறுதியாகச் சொல்ல முடியாது.

கிழக்கே வாய்க்கால் தூர்ந்து, புல் முளைத்து, பார்த்தால் வாய்க்கால் என்றே தெரியவில்லை. அதன் மேல் இரண்டு சிமெண்ட் பலகை போட்டிருந்தார்கள். தரகர் அதன் மேல் நின்றுகொண்டு, "இருபது வருஷமா இப்படித்தான் சார் எல்லாரும் போறாங்க வர்றாங்க. யார் கேட்கப்போறாங்க?" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. தங்கைதான் கேட்டாள். "நாளைக்கு வாய்க்காலைத் தூர் வாரும்போது இந்தப் பலகையை எடுத்தா, நான் எப்படி வெளியே வர்றது?" தரகர் பதில் சொல்லாமல் கைப்பேசியைப் பார்த்தார்.

வாய்க்கால் மேல் முறைப்படி அனுமதி வாங்கிச் சிறு பாலம் போட்டுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அது நடக்காத காரியம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த அனுமதியை விற்பவர் வாங்கிக் கொடுத்த பிறகு விலை பேச வேண்டும். பணம் கொடுத்துவிட்டு நாம் அலையக் கூடாது. விற்பவர் அதற்கு இசையவில்லை. 460 சதுர மீட்டர் கணக்குக்கு மட்டும் இறங்கி வந்தார். நாங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

திரும்பி வரும் வழியில் தங்கை காரில் ஒன்றும் பேசவில்லை. அந்த மனைக்கு எதிரே ஒரு வேப்பமரம் இருந்தது. அதன் நிழல் வாசலில் விழும் என்று ஏற்கனவே கணக்குப் போட்டு வைத்திருந்தாள் போலிருக்கிறது. வீட்டு வாசலில் இறங்கும்போது, "அண்ணே, நீ பார்க்காமல் இருந்திருந்தா நான் வாங்கியிருப்பேன். சந்தோஷமா இருந்திருப்பேன், அந்தப் பலகையை எடுக்கிற வரைக்கும்" என்றாள். அவள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறாள். தேடிக்கொண்டிருக்கிறோம்.

இந்த வரைபடத்தின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். நிலம் யாருடையது என்று இது சொல்லாது, அதற்குப் பட்டாவும் மூலப் பத்திரமும் வேண்டும். அதன் மேல் கடன் இருக்கிறதா என்று சொல்லாது, அதற்கு வில்லங்கச் சான்று. அளந்த நாளுக்குப் பிறகு யார் வேலியை நகர்த்தினார்கள் என்றும் சொல்லாது, அதற்கு சர்வேயர் நேரில் வந்து கல் காட்ட வேண்டும். ஆனால் அளந்த நாளில் எந்த மூலை எங்கே இருந்தது, எவ்வளவு நிலம், சுற்றிலும் எந்த எண் என்ற மூன்றையும் இதைவிடத் தெளிவாகச் சொல்லும் காகிதம் வேறில்லை.

இதைப் படித்துவிட்டு எனக்கு வரைபடம் அனுப்பப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அனுப்புங்கள், பார்க்கிறேன், எனக்கும் பொழுது போகும். ஆனால் ஓரம் வெட்டுப்படாமல் அனுப்புங்கள். ஓரம் வெட்டிய படம் வந்தால், முதலில் அந்த ஓரத்தைத்தான் கேட்பேன்.